அடியில் ஒரு சின்னக் கோடு

தையல்காரம்மா யாருக்கும் ஒரு நாளும் பாக்கி வைத்தவரில்லை. கணவர் இறந்த மாதம் மட்டும் வாடகை தாமதமானது; அதற்கு வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினார். அன்றிலிருந்து எதையும் முன்கூட்டியே கட்டிவிடுவார். கடையின் பிராட்பேண்டுக்கும் ஒரு வருடப் பணத்தைக் கம்பெனியின் கவுண்டரில் ரொக்கமாக எண்ணி வைத்தார்.

ஐந்தாம் மாதம் கடையை வேறு தெருவுக்கு மாற்ற வேண்டி வந்தது. அங்கே அந்தக் கம்பெனியின் கேபிள் இல்லை. இணைப்பை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தார், மோடத்தை ஒப்படைத்து ரசீதும் வாங்கினார். இரண்டு மாதம் கழித்துக் கைபேசிக்குக் கடைசி பில் வந்தது. அடியில், ஒரு சின்னக் கோட்டுக்குப் பக்கத்தில் 4,200 என்றிருந்தது.

"பாதியில மூடினதுக்கு அபராதம் போட்டிருக்கான்க்கா. கட்டித் தொலைச்சிடு, இல்லன்னா வட்டி ஏறும்" என்றான் தம்பி.

துணியோரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினைப் பழுது பார்க்க வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா கம்பெனிக்குக் கிளம்பினார்.

கவுண்டரில் இருந்த பெண் பில்லைப் பார்த்தாள்.

"இத எதுக்கும்மா கட்டுறீங்க? முன்னாடி மைனஸ் இருக்கு பாருங்க. நாங்கதான் உங்களுக்குத் தரணும்."

"எனக்கா?"

"நீங்க பயன்படுத்தாத மாசத்துக்குக் கட்டின பணம்."

தையல்காரம்மா நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் கோபம் வந்தது.

"அப்ப ரெண்டு மாசமா ஏன் தரல?"

"நீங்க ரொக்கமா கட்டியிருக்கீங்க. உங்க பேங்க் விவரம் எங்ககிட்ட இல்லம்மா."

"நான் பாக்கி வச்சிருந்தா ஒரு நாளைக்கு மூணு தடவ கூப்பிட்டிருப்பீங்க. இதக் கேக்க உங்க போன்ல சார்ஜ் இல்லியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "விடாதீங்கம்மா!" என்றார் ஒருவர்.

"வேணும்னா வேற கனெக்‌ஷன் எடுங்க, அதுல கழிச்சுக்கலாம்," என்றாள் கவுண்டர் பெண்.

"உங்க கம்பி எங்க தெருவுக்கே வரல. எனக்குக் காசாத்தான் வேணும்."

வரவேண்டிய பணத்தைத் தடித்த எழுத்தில் கேட்கத் தெரிந்த கம்பெனி, தரவேண்டியதை ஒரு கோட்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அந்தப் பணமெல்லாம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கவுண்டர் பெண் நல்லவள். ரீஃபண்ட் படிவத்தை எடுத்து அவளே நிரப்பினாள். எதற்கும் இருக்கட்டுமென்று தையல்காரம்மா கொண்டுவந்திருந்த மோடம் ரசீது, பாஸ்புக் நகல் இரண்டையும் சேர்த்துக்கொண்டாள். கோரிக்கை எண் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகே தையல்காரம்மா எழுந்தார்.

ஒன்பதாம் நாள், ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருக்கும்போது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. முழுசாக 4,200. இரண்டு முறை படித்தார்.

மாலையில் தம்பி எட்டிப் பார்த்தான். "அபராதம் கட்டியாச்சாக்கா?"

"ஆச்சுடா," என்றார், ஊசியில் நூலைக் கோத்தபடி. "அவங்க கட்டிட்டாங்க."