பத்து நொடி பின்னால்

என் வீட்டுக்காரர் கேஸ் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். ஒரு லோடை இறக்கிவிட்டு எருமப்பட்டி வீட்டுக்கு வந்தால், ஆபீசிலிருந்து அடுத்த லோடுக்குப் போன் வரும்வரை டிவி முன்னால்தான் குடியிருப்பு. சரியான அவசரக்குடுக்கை. தொடர் ஆரம்பித்து, திரையின் ஓரத்தில் ‘ஸ்கிப் இன்ட்ரோ’ எட்டிப் பார்த்ததுமே ரிமோட்டில் ஓகேயை அமுக்கிவிடுவார். அழுகைக் காட்சி வந்தால் வலது அம்புக்குறி. ஒரு தட்டுக்குப் பத்து நொடி முன்னால் போகும். அதுவும் போதாமல் செட்டிங்கில் வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்கி வைப்பார். எல்லோரும் மிளகாயைக் கடித்தவர்கள் மாதிரி படபடவென்று பேசுவார்கள்.

இந்த முறை வந்தவர் இடது அம்புக்குறியைத் தட்டிக்கொண்டிருந்தார். பத்து நொடி பின்னால். கொஞ்ச நேரம் பார்ப்பார், மறுபடியும் இடது. காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். இன்ஜின் சத்தத்திலேயே கிடந்த காதுதானே. ரிமோட்டைப் பிடுங்கி வேகத்தை முக்காலாகக் குறைத்தேன்.

“செவிட்டுச் சாமிக்கு இது போதுமுங்களா?” என்று கேலி பேசினேன். சிரித்தார். அப்போதும் கட்டைவிரல் இடப்பக்கமே போனது.

மறுநாள் மத்தியானம் கார் துரத்துகிற காட்சி. பேச்சே இல்லை. அதற்கும் இடது. எதைக் கேட்பதற்காகப் பின்னால் போகிறார்? அதன்பிறகு நான் டிவியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

கண் திறந்தே இருந்தது. டீ டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. பிறகு ஒன்றும் நடக்காதது போல ஒரு வாய் குடித்தார். திரையைப் பார்த்தார். கதை நகர்ந்திருப்பது தெரிந்ததும் இடதை இரண்டு முறை தட்டினார்.

“எத்தன நாளா இப்படிங்க?”

“தூக்கக் கலக்கம் கண்ணு. ரெண்டு தட்டு தட்டுனா உட்டது வந்துருது.”

ரோட்டில் விட்டது எப்படி வரும்? முதுகுக்குப் பின்னால் அத்தனை கேஸ் வேறு. நாமக்கல்லில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும் என்றேன்.

“இந்த லோடு போயிட்டு வந்து பாத்துக்கலாம்” என்றார்.

சாயங்காலம் அவர் மடியிலிருந்த போன் அடித்தது. ஆபீஸ். அவர் டிவியையே வெறித்துக்கொண்டிருந்தார். அது அடித்து ஓய்ந்தது. சற்றுப் பொறுத்து டம்ளரைத் தேடிக் கையை நீட்டினார்.

“போன் அடிச்சுதுங்களே” என்றேன்.

“எப்ப?” என்று கேட்டவர், சட்டென்று ரிமோட்டை எடுத்து இடதை இரண்டு முறை தட்டினார். தலையைச் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு, டிவியில் அந்தச் சத்தம் வருவதற்காகக் காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் மறுபடியும் அடித்தது.

“அதா, இப்பக் கேக்குது பாரு” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நான் முந்திக்கொண்டு போனை எடுத்தேன். “அவரு இனி வண்டிக்கு வரமாட்டாருங்க.”