எதிர்க்கடை டாப்ஸின் லேபிள்

ஒரகடம் கூட்டு ரோட்டில் எங்களுக்கு ஒரு சின்ன ரெடிமேட் கடை இருந்தது. எதிர்ப்பக்கம் இன்னொருத்தி கடை போட்ட பிறகு, தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களில் பாதிப் பேர் சாலையைக் கடந்து அங்கே போனார்கள். அங்கிருந்து வெளியே வரும் பைகளையே பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பேன்.

"அந்தப் பக்கம் இன்னா பார்வை? வயித்தெரிச்சல்தான் மிச்சம்" என்பார் என் கணவர்.

ஒரு சாயங்காலம், பிள்ளைப்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி வந்து செல்போனை நீட்டினாள்.

"எக்கா, இது என் ரூம்காரி டாப்ஸு. எனக்கும் இதே மாதிரி வேணும். எதுத்த கடையில தீந்துட்டுன்னுட்டாவ. உள்ள இருந்த லேபிளையும் படம் புடிச்சிருக்கேன்."

துவைத்துத் துவைத்து எழுத்து மங்கியிருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். கைவைத்த தொட்டிப் படம், குறுக்கே அடித்த முக்கோணம்: கையால் துவைக்கவேண்டும், பிளீச் கூடாது. இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் சூட்டின் அளவுக்கு இரண்டே புள்ளி. காட்டனென்றால் பெரும்பாலும் மூன்று இருக்குமே! மேல்வரியை உற்றுப் பார்த்தேன். விஸ்கோஸ் என்று இருந்தது; ரேயானுக்குத்தான் அந்தப் பெயர். கடைசி வரியில் கம்பெனி பெயரும், கீழே ஜெய்ப்பூர் என்றும்.

"இன்னா துணின்னு சொல்லிக் குடுத்தாங்க?"

"சுத்தமான காட்டன்னாவளாம்."

அவள் பொய் அகப்பட்டதில் எனக்கு மனசு குளிர்ந்தது. "காட்டனே இல்லம்மா. ரேயான்."

"எதுவா இருந்தா என்னக்கா? போட்டா அப்படியே வழுவழுன்னு விழுது."

உண்மையான காட்டன் ஒன்றை எடுத்துப் போட்டேன். விரலால் தேய்த்துப் பார்த்தாள். "முறுமுறுன்னு இருக்கு" என்று தள்ளிவிட்டாள்.

அவள் போனதும் சௌகார்பேட்டை மொத்தக்கடைக்குப் போன் செய்து கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"நம்மகிட்ட கீதும்மா. அதே பிரிண்ட் இல்ல, அதே துணில வேற பிரிண்ட் வந்துகீது. உங்க எதிர்க்கடையம்மா நேர்ல வந்து ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்து எடுத்துக்கினு போவாங்க. நீங்கதான் போன்லயே முடிச்சிர்றீங்க."

எதிர்க்கடைக்காரி காட்டன் என்று பொய் சொன்னதைவிட இதுதான் சுட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானே கிளம்பினேன். பண்டல் பண்டலாகப் பிரிக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு லேபிளையும் புரட்டினேன். அந்த ஜெய்ப்பூர்க்காரன் துணி கையிலிருந்து தண்ணீராய் வழுக்கியது. துணி பார்த்து எடுப்பதில் எதிர்க்கடைக்காரிக்கு நல்ல கைதான் என்று நினைத்தேன். நினைத்ததும் மறுபடி எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். கருநீலத்தில் வெள்ளைப் பூப்போட்டதை எடுத்து, லேபிளைத் திருப்பித் தன் போன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"அதே கம்பெனிதான்க்கா!" என்று முகமெல்லாம் சிரித்தாள். காட்டன் என்று நான் சொல்லவில்லை. ரேயான், கையால்தான் துவைக்கவேண்டும், முறுக்கிப் பிழியாதே என்று சொல்லியே கொடுத்தேன்.

"இதுக்கு வெள்ளை லெக்கின்ஸ் இருக்கா?"

கறுப்பும் சிவப்பும்தான் இருந்தன.

"பரவால்லக்கா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாரி ஒன்று போகும்வரை நின்று, நேரே எதிர்க்கடைக்குப் போனாள்.