விரல் ஒருவருடையது, உரம் இன்னொருவருடையது

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலையை விட்டுவிட்டு, பல்லடம் ரோட்டில் மாமாவின் உரக்கடைக்கு வந்து உட்கார்ந்த புதிதில், எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. எதையாவது சீராக்க வேண்டும். கடையில் சீராக்க மூட்டைகளும் இருந்தன, கடன் பில்களும் இருந்தன. மூட்டையை என்னால் தூக்க முடியாது. பில்லைக் கையிலெடுத்தேன்.

மாமாவின் வியாபாரம் முக்கால்வாசி கடன்தான். புரட்டாசியில் மக்காச்சோளம் விதைக்கும்போது விதை, அடியுரம், களைக்கொல்லி எல்லாம் பில் போட்டுக் கொடுத்துவிடுவார். பில்லின் அடியில் 'அறுவடைக்குப் பின்' என்று எழுதியிருக்கும். தையில் கதிரடித்து, கோழித்தீவன வியாபாரிக்குச் சோளத்தை எடை போட்டுப் பணம் வாங்கியதும் வந்து கட்டுவார்கள். பழைய கணக்கு முடிந்தால்தான் சித்திரை வெங்காயத்துக்குப் புதுச் சரக்கு. மாமாவுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி அவரை இதே மாதிரிதான் பிடித்து வைத்திருந்தார் என்பதால், அந்த விதியில் மாமா இறங்கி வரமாட்டார்.

நான் அத்தனை பேரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கட்டி முடித்தவர் பச்சை, பாதி கட்டியவர் மஞ்சள், கட்டாதவர் சிவப்பு. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மிணி, இது கணக்கா, கோலமா?" என்றார். ஆனால் யாராவது கடைக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் என் பக்கம்தான் வரும்.

பங்குனியில் ஒரு நாள் கிழக்குத் தோட்டத்து அண்ணன் வந்தார். மாமாவின் பழைய வாடிக்கையாளர். மஞ்சப்பையில் பணத்தை எண்ணியே கொண்டு வந்திருந்தார். விதை வெங்காயம் வாங்கிக் களத்தில் பரப்பியாயிற்று, அடியுரம் வேண்டும், வேனில் ஏற்றிவிடுங்கள் என்றார். நான் திரையில் இருந்த தொகையைச் சொன்னேன். அவர் கொண்டு வந்ததற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம். டிஏபி, யூரியா இரண்டும் அவர் கணக்கில் இருமடங்காக இருந்தன.

"நான் அவ்வளவு எடுக்கலீங்களே," என்றார்.

மாமா பில்லை எடுத்துக் காட்டினார். மானிய உரம் விற்கும்போது மிஷினில் ஆதார் எண்ணைப் போட்டு, வாங்குகிறவர் விரல் வைக்க வேண்டும். அப்போது வருகிற சீட்டைக் கடன் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வைப்பது வழக்கம். இரண்டு சீட்டு இருந்தது, இரண்டிலும் அவர் பெயர். பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மேற்கே பார்த்தபடி, கிழக்குத் தோட்டம் எப்போது அவ்வளவு பெருசாச்சு என்று பொதுவாகக் கேட்டார்.

அண்ணன் இரண்டாவது சீட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, "விரல் என்னுதுதானுங்க," என்றார். கொண்டு வந்ததைக் கட்டினார். மஞ்சள் ஆனார். சரக்கு கேட்கவில்லை. மாமாவும் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

அவர் பைக் கிளம்பிய பிறகும் எனக்கு அது ஒட்டவில்லை. மறுத்துக்கொண்டிருந்தவர் எதற்காக நடுவில் நிறுத்தினார்? புரட்டாசியில் அவர் உரம் எடுத்த அந்த நாளின் சீட்டுகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். முதல் சீட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் அரைமணி நேரம் எந்த விற்பனையும் இல்லை. விதைப்புச் சமயத்தில், கடை வாசலில் ஆள் நிற்க இடமில்லாத காலைப்பொழுதில், அரைமணி நேரம் மிஷின் சும்மா இருக்குமா? மாமாவிடம் நேரத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"அட, வெரலு எடுக்காத ஆளு," என்றார்.

அண்ணனின் பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர் அவர். தெற்கத்திக்காரர். வருஷக்கணக்காகச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர், பட்டறை மூடியதும் விவசாயத்துக்கு வந்தவர். கெமிக்கலில் ஊறி ஊறி விரல் ரேகை போய்விட்டது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் மிஷின் ஏற்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க, கூட வந்திருந்த அண்ணன் தன் விரலை வைத்துவிட்டார். மாமா அவசரத்தில் சீட்டில் இருந்த பெயரையே கடன் பில்லிலும் எழுதிவிட்டார். அந்தக் குத்தகைக்காரரோ என் பட்டியலில் பச்சை. விதையும் களைக்கொல்லியும் மட்டும்தான் அவர் பெயரில் இருந்தன, மாசியிலேயே கட்டி முடித்துவிட்டார்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர், "தெரியுமுங்க அம்மிணி. அவனுக்குப் படைப்புழு பாதிக் கதிரைத் தின்னுருச்சு. பெஞ்சுல ஆளுக இருக்கையில நான் எப்படிச் சொல்றது? நீங்களும் இப்பக் கேக்காதீங்க. நான் வேற எங்கியாவது ரொக்கத்துக்கு வாங்கிக்கறேன்," என்றார். ரொக்கம் ஏது? கையிலிருந்ததைத்தான் எங்களிடம் கட்டிவிட்டுப் போயிருந்தாரே. களத்தில் பரப்பிய விதை வெங்காயம் எத்தனை நாள் காத்திருக்கும்?

கேட்காதே என்றால் என்னால் இருக்க முடியாது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். குத்தகைக்காரர் சோளத்தட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். திட்டவோ மிரட்டவோ நான் போகவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். அண்ணனுக்குச் சரக்கு நின்றுவிட்டது என்றதும் கையிலிருந்த கயிற்றைக் கீழே விட்டார்.

"அன்னைக்கே உங்ககிட்ட அவ்வளவுதானான்னு கேட்டேம்லா தங்கச்சி," என்றார். கேட்டிருந்தார். நான் திரையைப் பார்த்து அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தேன். "உரம் அண்ணன் பேர்ல இருக்கு, அவரு கேப்பாருன்னு இருந்தேன். அவரு கேக்கல. கேக்காம இருந்தது எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவரைவிட நேர்மையாக அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அண்ணன், கடை குத்தகைக்காரரிடம் கேட்கும் என்று நினைத்திருந்தார். குத்தகைக்காரர், அண்ணன் கேட்பார் என்று. கடையோ யாரையும் கேட்காமல் விரலை நம்பியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை குத்தகைக்காரர் மனைவியோடு வந்தார். அந்தக்கா அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமைச் சம்பளத்தைக் கவரோடு கொண்டு வந்திருந்தார். மாமா அண்ணனின் இரண்டாவது கடன் பில்லை ரத்து செய்து, அதே சரக்குக்குக் குத்தகைக்காரர் பெயரில் புதுப் பில் போட்டார். மிஷினில் பதிந்ததை மாற்ற முடியாது. அரசாங்கக் கணக்கில் அந்த உரம் இன்றைக்கும் அண்ணனுடையதுதான். எங்கள் கணக்கில் அண்ணன் பச்சையானார். பச்சையாக இருந்தவர் சிவப்பாகி, சம்பளக் கவரைக் கட்டியதும் மஞ்சளானார். மீதியை வெங்காயம் எடுத்ததும் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய கணக்கு நிற்கும்போது புதுச் சரக்கு கடனுக்கு வராது என்று அவரிடமே சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அவர் தலையாட்டினார். அதை எதிர்பார்த்தே வந்திருந்தார்கள் போல. அந்தக்கா முந்தானையிலிருந்து தனியாக மடித்து வைத்த நோட்டுகளை எடுத்து, "ரெண்டு மூட்டை மட்டும் ரொக்கத்துக்குக் குடுங்க," என்றார்.

மிஷினை நீட்டினேன். குத்தகைக்காரர் பழக்கத்தில் கையைக் கொண்டு வந்து, பிறகு இழுத்துக்கொண்டார். அந்தக்கா தன் ஆதார் எண்ணைச் சொல்லி, கட்டைவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தார். ஒரே தடவையில் எடுத்தது.

"எனக்கு வராதது இவளுக்கு வருது பாருங்க," என்று அவர் சிரித்தார்.

அண்ணனின் அடியுரம் அதற்குள் வேனில் ஏறிவிட்டிருந்தது. இரண்டு மூட்டையையும் அதே வேனில் போட்டுவிடச் சொன்னார் மாமா. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் காடுதானே. நான் கடன் பில் படிவத்தில், வாங்குகிறவர் பெயருக்குக் கீழே 'எந்தக் காட்டுக்கு' என்று ஒரு வரி சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன். புதுப் புத்தகம் வந்ததும் மாமா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். அடுத்து வந்தவரிடம் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.