பம்பாய்க்கடை முதலாளி சிவந்த கதை

வவுனியாக் கடைத்தெருவில் அன்னபாக்கியத்தின் அரிசி மாவைக் குறை சொன்னவர் எவருமில்லை. அவளுடைய வாயைக் குறை சொல்லாதவரும் எவருமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்திட்டத்துக்கு வந்த நாள் முதல் கணவன் நடராசா வயலோடு மல்லுக்கட்ட, அவள் மாவுக்கு ஓர் உரல், மிளகாய்க்கு ஓர் உரல் என்று வைத்துக்கொண்டு இடித்து விற்றாள். இரண்டும் ஒன்றோடொன்று முகம் பார்க்கக்கூடாதென்று வீட்டின் இரு கோடிகளில் வைத்திருந்தாள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில் பம்பாய்க்கடை மோகினிபாய் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். பம்பாயிலிருந்து வந்து புடவைக்கடை போட்ட கிசன்சந்த் முதலாளியின் மனைவி. பங்குனிப் பௌர்ணமிக்கு அவர்களுக்கு ஹோலி. ஒருவர் முகத்தில் ஒருவர் நிறத்தூள் பூசிக் கும்மாளமடிக்கும் திருநாள்.

"போன வருசம் துணிக்குப் போடுற சாயம் பூசினனான் அக்கா. அவரின்ரை முகம் கொப்பளிச்சு மூண்டு கிழமை கடைக்குப் போகேல்லை. இனி ஹோலியே வேண்டாமெண்டு நிக்கிறார்."

"முகத்துக்கு என்னத்துக்குச் சாயம்? தின்னுற சாமானிலை செய்து தாறன்," என்றாள் அன்னபாக்கியம்.

முதலாளி கதிரையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "செய்யுங்கோ. ஆனா இந்த முறையும் எரிஞ்சால் ஹோலியும் இல்லை, உங்கட மாவும் இந்தத் தெருவிலை விக்காது. சொல்லிப்போட்டன்."

பச்சையரிசி மாவை வறுக்காமல் மென்மையாக இடித்தாள். ஒரு பங்கு மஞ்சள்தூளுக்கு மூன்று பங்கு மா, அது மஞ்சள். பீற்றூட்டைத் துருவிப் பிழிந்து, சாற்றை மாவில் உதிர்பதமாகப் பிசறி, நிழலிலே பாயில் பரப்பினாள். வெயிலில் போட்டால் நிறம் வெளிறிப்போகும். இரண்டு நாளில் மொறுமொறுவென்று காய்ந்ததை மறுபடி இடித்தபோது ரோசா நிறம் வந்தது. நிழலில் உலர்ந்த முருங்கையிலையை இடித்துக் கலந்த மா பச்சையானது. எல்லாவற்றையும் பழைய வேட்டித்துணியில் சலித்தாள். குறுணி கிடந்தால் கண்ணை அறுக்கும். கடைசியில் தன் முழங்கை மடிப்பில் மூன்றையும் தடவி, ஒரு நாள் முழுக்கப் பொறுத்துப் பார்த்தாள். நடராசாவின் கையிலும் தடவினாள். அவர் சம்மதித்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

ஹோலியன்று காலை பம்பாய்க்கடை முற்றம் மூன்று நிறத்திலும் புரண்டது. மோகினிபாய் கணவனின் முகத்தில் அள்ளி அப்பியது முழுவதும் மஞ்சள். அவர் பயந்து பயந்து தொட்டுப் பார்த்தார், எரியவில்லை. பிறகு அவரும் அள்ளினார். தேத்தண்ணிக்கடை ஐயாத்துரை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். இடியப்பத்துக்கு அன்னபாக்கியத்திடம்தான் மா வாங்குவான். விலை குறைக்காத கோபம் ஒன்று அவனுக்கு இருந்தது.

முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன முதலாளி அலறினார். உடுப்புத் தோய்க்கும் சவுக்காரம் போட்டிருந்தார். மஞ்சள் முகம் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது.

"வெந்துபோச்சு! திரும்பவும் வெந்துபோச்சு!"

"மிளகாய் உரலிலை இடிச்சிருப்பா," என்றான் ஐயாத்துரை. "இனி ஆர் இவவின்ரை மாவைத் தின்னுறது?" அதைத் தெருவெல்லாம் சொல்லவென்று வேகமாகப் போனான்.

மோகினிபாய் அழத் தொடங்கினாள். அன்னபாக்கியம் கிணற்றடிக்கு வந்து முதலாளியை மேலுங்கீழும் பார்த்தாள்.

"முதலாளி, எரியுதோ?"

"சிவந்துபோச்சே!"

"நிறத்தைக் கேக்கேல்லை. எரியுதோ?"

அவர் யோசித்தார். கன்னத்தைத் தொட்டார். "இல்லை," என்றார், சற்று ஏமாந்தவர்போல.

அவள் குசினிக்குள் போய் ஒரு கிண்ணம் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து வந்தாள். துணியை நனைத்து ஒரு கன்னத்தில் ஒற்றினாள். செங்கல் நிறம் மறைந்து மஞ்சள் திரும்பியது. உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிட்டாள்.

"மஞ்சளுக்குச் சவுக்காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்பும். கறிபட்ட சீலையைத் தோய்ச்ச எந்தப் பொம்பிளையும் சொல்லுவாள். நீங்கள் துணி வித்தனீங்கள், தோய்ச்சனீங்களோ?"

"முதலே சொல்லியிருக்கலாமே."

"மறந்துபோனன்," என்றாள் அன்னபாக்கியம். அதை இன்றுவரை நம்பியவர் இல்லை.

ஒரு கன்னம் மஞ்சளும் ஒரு கன்னம் சிவப்புமாக முதலாளி கண்ணாடி பார்த்தார். பிறகு ஒரு கைப்பிடி மஞ்சள்தூளும் சவுக்காரக் கட்டியும் எடுத்துக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கினார்.

தேத்தண்ணிக்கடையில் ஐயாத்துரை, முதலாளியின் முகம் வெந்த கதையை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளி உள்ளே போய் அவன் முகத்தில் மஞ்சளை அப்பினார். "போய்க் கழுவு ஐயாத்துரை," என்று சவுக்காரத்தை அன்போடு நீட்டினார்.

பின்பக்கத்திலிருந்து வந்த அலறல் கேட்டு வாடிக்கைக்காரர்கள் எழுந்து அங்கே ஓடினார்கள். முதலாளிக்குப் பின்னாலேயே வந்த அன்னபாக்கியம் தேசிக்காய்க் கிண்ணத்தோடு பின்வாசலில் நின்றாள்.

"வேணுமோ?"

"தாங்கோ அக்கா, தாங்கோ."

"தாறன். நாளைக்கு எவ்வளவு மா?"

"வழக்கமான பத்துக் கொத்து."

"விலை?"

செங்கல் முகத்தோடு ஐயாத்துரை நாலு பேரையும் ஒருமுறை பார்த்தான்.

"நீங்கள் சொன்ன விலை," என்றான்.