ஒரே எழுபத்தொன்பது

பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டுக்கு நான் வானியல் பாடம் எடுக்கிறேன். அதில் கோள முக்கோணவியல் வரும். உருண்டைமேல் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் காண வேண்டும். புத்தகத்துக் கணக்கில் லண்டனும் டில்லியும். என் மகன் வேலைக்கு டொராண்டோ போனதும் அதைத் தூக்கிவிட்டு நான் இருக்கும் புதுக்கோட்டையையும் டொராண்டோவையும் போட்டேன். பெற்றவளுக்கு அந்த அதிகாரம்கூட இல்லையா என்ன.

அந்தக் கணக்கின் கண்ணியைக் காட்டிக் கொடுத்ததே அவன்தான். "தீர்க்கரேகை ஒனக்கும் எழுபத்தொம்பது, எனக்கும் எழுபத்தொம்பதும்மா. பக்கத்து வீடு மாதிரிதான்" என்றான் போனில்.

"நான் கிழக்கு, நீ மேற்குடா அவசரக்குடுக்கை. கூட்டணும், கழிக்கக் கூடாது."

போன மாசி மாதம் அவனுக்கு மூளையில் ரத்தக் கசிவு. அங்கே ஆஸ்பத்திரியில் ஏழு நாள் இருந்தான். எனக்கு விசா வந்தது ஒன்பதாம் நாள். அடக்கத்தைப் போனில் பார்த்தேன்.

மறு மாதம் மாதிரித் தேர்வு. கேள்வித்தாள் முன்பே அச்சாகியிருந்தது. அந்தக் கணக்கும் அதில் இருந்தது. திருத்த உட்கார்ந்தேன். மணமேல்குடியிலிருந்து வரும் ஒரு பெண் சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டு, தீர்க்கரேகைகளைக் கூட்டாமல் கழித்திருந்தாள். நூற்று ஐம்பத்தெட்டு டிகிரி வரவேண்டிய வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லாமல் போய்விட்டது. விடை, மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்.

மூவாயிரத்து எழுநூறு. அவ்வளவுதான் தூரம் என்றால் எப்படியாவது போய்ச் சேர்ந்திருப்பேனே என்று தோன்றியது. விசாவுக்கும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாதவளா நான்? ஆனாலும் அதை அடிக்கக் கை வரவில்லை. பத்துக்குப் பத்து போட்டுவிட்டேன்.

தாளைக் கொடுத்த அன்று மத்தியானம் அவளே துறைக்கு வந்தாள். நல்ல பிள்ளை, அதுதான் வினையாகப் போயிற்று.

"மேடம், எனக்குத் தப்பா மார்க் போட்டுட்டீங்க. பக்கத்துல உள்ளவ வேற விடை எழுதிருக்கா, அவளுக்கும் பத்துதான்."

"எங்க தப்புன்னு பாத்தியா?"

"கழிச்சுட்டேன் மேடம்."

என் கால்குலேட்டரை அவள் பக்கம் நகர்த்தினேன். நின்றபடியே போட்டாள். சைன்களின் பெருக்கலைக் குறித்துக்கொண்டாள். கொசைன்களின் பெருக்கலை நூற்று ஐம்பத்தெட்டின் கொசைனால் பெருக்கினாள். அது மைனஸில் வந்தது. இரண்டையும் கூட்டி, கோணம் கண்டு, நூற்று இருபத்திரண்டு டிகிரி சொச்சம் என்றாள். டிகிரிக்கு நூற்றுப் பதினொரு கிலோமீட்டர்.

"பதிமூவாயிரத்து அறுநூறு வருது மேடம்" என்றாள். பிறகு, "இம்புட்டு தூரமா?" என்று கேட்டாள். அது என் மகன் இருந்த ஊர் என்று அப்போதுதான் நினைவு வந்ததுபோல, கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி நகர்த்தினாள்.

"ஆமாம்மா" என்றேன்.

தாளை வாங்கிப் பத்தை அடித்து நாலு போட்டேன். அவள் எழுதியிருந்த மூவாயிரத்து எழுநூறை இந்தமுறை நானே சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் சரியான தூரத்தை எழுதிக் கொடுத்தேன்.