ஏழாவது கோட்டுக்காக ஒரு மெயில்

அளவியல் தேர்வில் எனக்கு வந்தது ஐம்பதுக்கு இருபத்து நான்கு. சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனிக்குப் பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலில் பெயர் வர இருபத்தைந்து வேண்டும். அந்தப் பட்டியல் மறுநாள் மதியம் துறைத் தலைவருக்குப் போகிறது. கம்பெனிக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை அப்போது எனக்கு ஏராளமாக இருந்தது. ஒரு மார்க்தான் இல்லை.

விடைக்குறிப்பைப் பேராசிரியர் வகுப்புக் குழுவில் போட்டிருந்தார். கூடவே, ஒரு கேள்விக்காக அவரே எடுத்த புகைப்படத்தையும். ஆய்வகத்திலிருக்கும் வெர்னியர் காலிபரில் ஓர் இரும்பு உருளையைக் கவ்வவைத்து, தன் போனில் படம் பிடித்து, அதை அப்படியே கேள்வித்தாளில் அச்சடித்திருந்தார். “உருளையின் விட்டம் என்ன?” கேள்வி அவ்வளவுதான். முதன்மை அளவுகோலில் இருபத்து நான்கு மில்லிமீட்டர். அதற்குமேல், நகரும் சின்ன அளவுகோலில் எந்தக் கோடு கீழே உள்ள கோட்டோடு நேராக நிற்கிறதோ, அதை எண்ணி, ஒரு கோட்டுக்கு 0.02 என்று கூட்ட வேண்டும். நான் ஏழாவது கோடு என்று 24.14 போட்டேன். குறிப்பில் ஆறாவது கோடு, 24.12.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு வாடகை அறையில் மூன்று பேர் தங்கியிருந்தோம். கிருஷ்ணகிரியில் இரும்புக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன். அவனை எல்லோரும் பாய் என்போம். இன்னொருவன் தளி என்ற எல்லையூரிலிருந்து வந்த தளிக்காரன். வீட்டில் ரோஜாத் தோட்டம், வாயில் பாதிக்குப் பாதி கன்னடம். படத்தை பாயின் லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கினோம். ஏழாவது கோடு கீழ்க்கோட்டோடு ஒட்டிப் பிறந்ததுபோல நின்றது. ஆறாவது விலகி நின்றது.

“ஏழுதான்டா. மெயில் போடு,” என்றான் பாய்.

“சும்னிரு மகா,” என்று, சும்மா இருக்கச் சொல்லிக் கன்னடத்தில் அடக்கினான் தளிக்காரன். “சாருக்கே அளவெடுக்கச் சொல்லித் தர்றியா? அடுத்த செமஸ்டரும் அவருதான் வர்றாரு.”

“மரியாதையா எழுதுனா ஒண்ணும் ஆவாது,” என்றான் பாய்.

அந்த ‘மரியாதை’ என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் கெட்டது. நான் முதலில் எழுதியது மூன்று வரி. பாய் அதன் தலையில் “தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்” என்பதைச் சேர்த்தான். வேண்டாம் என்று சொன்ன தளிக்காரனுக்கும் பயம் வந்து, “தங்களிடம் பயிலக் கிடைத்த பாக்கியம்” பற்றி ஒரு பத்தி சொன்னான். அவனுடையது பணிவாக இருக்கிறதே என்று நான் இன்னும் பணிந்தேன். “என் கண்பார்வையில் குறை இருக்கலாம்.” “என் உடல்நிலையும் அன்று சரியில்லாமல் இருந்திருக்கலாம்.” எல்லாம் ஆங்கிலத்தில். கடைசியில் படித்துப் பார்த்தால் ஏழாவது கோடு எங்கோ அடியில் ஒரு அரை வரியாகக் கிடந்தது. “பெரிய மனதுடன் அனுமதிக்க வேண்டுகிறேன்” என்று முடித்து அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. “விடுப்பு அளிக்கப்பட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.”

பாய் கட்டிலில் விழுந்து சிரித்தான். “மார்க் கேட்டவனுக்கு லீவு குடுத்துட்டாருடா!”

மறுநாள் காலை கல்லூரிக்கு நேராகப் போய் நின்றேன். பேராசிரியரோ இன்னும் வரவில்லை. சானமாவு காட்டருகே யானைகள் சாலையைக் கடக்கின்றன, வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்று துறை உதவியாளர் அக்கா சொன்னார். யானை கடந்து, பேராசிரியர் வந்து, மதியத்துக்குள் என் மார்க்கும் கடக்க வேண்டும். ஆய்வக வாசலிலேயே நின்றேன். வேடிக்கை பார்க்கப் பாதி வகுப்பு கூடிவிட்டது.

வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். “ஏம்ப்பா, லீவுதானே கேட்ட? எதுக்கு வந்த?”

“லீவு கேக்கலீங்க சார். ஏழாவது கோடு கேட்டேன்.”

நின்றபடியே மெயிலைக் கடைசிவரை படித்தார். “இதை மொதல்லயே எழுதறதுக்கென்ன? நான் ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன்.”

அவர் கல்லூரிக்கு வருமுன் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். அங்கே சந்தேகம் வந்தால் பேசமாட்டார்கள், பொருளை எடுத்து மேசையில் வைப்பார்கள். அதையே செய்தார். அதே உருளையை அதே காலிபரில் கவ்வவைத்துத் திருகை இறுக்கினார். நேர்மேலே குனிந்து பார்த்தார். “ஆறு.” பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் குனிந்தேன். ஆறு போலவும் இருந்தது, ஏழு போலவும் இருந்தது. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தேன். ஏழு!

“சார், நீங்க போட்டோ எடுத்தப்போ எந்தப் பக்கம் நின்னீங்க?”

அவர் யோசித்தார். போனை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போனார். அன்று ஜன்னல் வெளிச்சம் மறைக்காமலிருக்க அங்கிருந்துதான் எடுத்தாராம். திரையில் பார்த்தார். ஏழு. நேராக வந்தார். ஆறு. மறுபடி இடப்பக்கம். ஏழு. நகரும் அளவுகோல் கீழ்த்தகட்டைவிட ஒரு மயிரிழை உயரத்தில் இருப்பதால், சாய்ந்து பார்த்தால் கோடு மாறித் தெரியும். அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தியவரே அவர்தான். படமெடுக்கும்போது அதைக் கேமராவுக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

அதற்குள் பாதி வகுப்பும் மேசையைச் சுற்றித் தலையைச் சாய்க்கத் தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கூட்டமாகக் கழுத்து சுளுக்கியது போலிருக்கும். 24.10 போட்டிருந்த தளிக்காரன் வலப்பக்கமாகப் போய், மேசைமேல் கன்னத்தை வைத்து, ஏறக்குறையத் தொங்கிக்கொண்டு கத்தினான்.

“இங்கேர்ந்து பாத்தா அஞ்சாவது கோடு சார்! இருபத்து நாலு புள்ளி ஒண்ணு பூஜ்யம்!”

“அங்கேர்ந்து பாத்தா மேசையோட அடிதான்டா தெரியும். எழுந்திரு.”

“சும்னிருன்னு நேத்து எனக்குச் சொன்னவன் இவன்தான் சார்,” என்றேன்.

பேராசிரியர் பூட்டிய அலமாரியிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை சொல்லும். சாய்ந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. உருளையை வைத்துத் திருகினார், கிளிக் கிளிக் என்றது.

“இருபத்து நாலு புள்ளி ஒண்ணு மூணு.”

24.13 என்ற விடை அவர் குறிப்பிலும் கிடையாது, என் தாளிலும் கிடையாது. அந்த வெர்னியரால் அதைச் சொல்லவும் முடியாது. இரண்டிரண்டாக ஏறும் கோடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உருளை அவர் ஆறுக்கும் என் ஏழுக்கும் தலையாட்டியிருக்கிறது.

“அப்ப கேள்வியையே எடுத்துடலாம்,” என்றார். கேள்வி போனால் மொத்தம் நாற்பத்தொன்பது. என் இருபத்து நான்கு அதில் பாதிகூட இல்லை.

“சார்,” என்றேன். இம்முறை முன்னுரை எதுவும் இல்லை. “கேள்வியில இருந்தது உருளை இல்லீங்க, போட்டோ. போட்டோவுல ஏழுதான் தெரியுது. நேரா பாத்தவங்களுக்கு ஆறு. ரெண்டுக்கும் மார்க் போடுங்க சார்.”

கடிகாரத்தைப் பார்த்தார். உருளையைப் பார்த்தார். “அஞ்சுக்குக் கெடையாது,” என்று தளிக்காரனைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார்.

இருபத்து நான்கை அழித்தார். இருபத்தைந்து என்று தட்டினார். பட்டியலின் கடைசியில் என் பெயரைச் சேர்த்து, துறைத் தலைவருக்கு அனுப்பினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போயிடுச்சுங்களா சார்? ஒருவாட்டி திறந்து பாத்துடலாமே.”

“போயிடுச்சு.”

“எம் பேரு தெரியுதுங்களா, நேரா பாத்தாலும்?”

“வெளிய போப்பா,” என்றார்.