மூன்று மெஷினும் ஓர் ஈர மூட்டையும்

கடலை உடைக்கும் மெஷின் வாங்க எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். அதற்கு மூன்று பேர் கமிட்டி. அதில் நானும் ஒருவன். ஐந்தாவது வரை படித்தவன். கீழ்பென்னாத்தூர் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி. கடலை மூட்டை கொண்டுவருகிறவன் கையால் எழுதினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள் என்று சங்கத் தலைவர் சொன்னார். அதனால் சிபாரிசு எழுதும் வேலை என்மேல் விழுந்தது.

மூன்று இடத்திலிருந்து கொட்டேஷன் வந்திருந்தது. கவரைப் பிரிக்குமுன் எதற்கு எத்தனை மார்க் என்று எழுதிவிட வேண்டும் என்றார் தலைவர். பிரித்த பிறகு எழுதினால் அவரவர் ஆளுக்குத் தோதாக எழுதுவோமாம். சரியாகத்தான் சொன்னார்.

மொத்தம் நூறு. பருப்பு உடையாமல் வருவதற்கு நாற்பது. உடைந்த பருப்புக்கு மண்டிக்காரன் விலையைக் குறைப்பான், விதைக்கும் ஆகாது. அதனால்தான் அதற்கு ஜாஸ்தி. விலைக்கு முப்பது. ரிப்பேருக்கு ஆளும் சாமானும் கிடைப்பதற்கு இருபது. சீக்கிரம் கொண்டுவந்து சேர்ப்பதற்குப் பத்து. மார்க் போடும் முறையையும் எழுதினோம். நூறு பலம் பருப்பை எடை போட்டு, அதில் உடைந்தது எத்தனை பலமோ அதைப்போல் இரண்டு மடங்கை நாற்பதில் கழிப்பது. விலையில் குறைந்தவனுக்கு முழு முப்பது, மற்றவனுக்கு அந்தக் கணக்கில் கம்மி. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பிறகு கவரைப் பிரித்தோம். ஒன்று மெட்ராஸ் கம்பெனி, ஆயிரத்து ஐந்நூறு. இன்னொன்று கோயம்புத்தூர், ஆயிரத்து இருநூறு. மூன்றாவது வேலூர்ப் பட்டறை, ஆயிரம். வேலூர் கவரில் ஏஜெண்ட் கையெழுத்து என் தங்கை வீட்டுக்காரருடையது.

மாப்பிள்ளை திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தார். அந்த ஏஜென்சியில்தான் கடை ஓடியது. இந்தப் பருவத்தில் ஒரு மெஷினாவது விற்காவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். தங்கை என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். எங்கள் சங்கத்துக்கு எழுதியதை மட்டும் சொல்லவில்லை.

"இவரு என் தங்கச்சி வீட்டுக்காரரு. நான் விலகிக்கறேன்," என்றேன்.

"விலகினா யாரு எழுதறது?" என்றார் தலைவர். "இந்த ஊர்ல யாருக்கு யாரு ஒறவில்ல? அதையும் மேல எழுதி வச்சிட்டு வேலையப் பாருங்க."

விலகியிருக்கலாம். விலகவில்லை.

ஒரே அம்பாரத்திலிருந்து மூன்று மூட்டை எடுத்துக் கட்டினோம். மெஷினுக்கு ஒரு மூட்டை, ஒரு நாள். மெட்ராஸ் மெஷினில் நூறு பலத்துக்கு நாலு பலம் உடைந்தது. கோயம்புத்தூரில் ஐந்து. மூன்றாம் நாள் வேலூர் மெஷின். மாப்பிள்ளையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாலு பலம்தான் உடைந்தது. கமிட்டியில் மற்ற இருவரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் தொண்ணூறு மார்க். மற்ற இரண்டும் எழுபதுகளில் நின்றன.

நான் கடலை ஓட்டை அள்ளி ஓரமாகப் போட்டேன். கைக்குக் குளுமையாக இருந்தது.

அன்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள், சங்கத்தில் கடலை உடைக்க வரும் அம்மாவைக் கேட்டேன்.

"அந்த மூணாவது மூட்டையில தண்ணி தெளிச்சீங்களா?"

"ஆமாங்க, முந்தின நாள் சாயந்திரம். எப்பவும் தெளிக்கறதுதானே? தெளிச்சாத்தான் ஓடு நெகிழ்ந்து பருப்பு முழுசா வரும். இன்னாங்க, தப்பா?"

"மத்த ரெண்டு மூட்டைக்கு?"

"அதுங்கள உள்ள பூட்டி வச்சிருந்தீங்க. இது எங்க மூட்டையோட கெடந்திச்சி."

அவர்மேல் தப்பில்லை. மூட்டையை வெளியே விட்டவன் நான்தான். மாப்பிள்ளைக்கும் இது தெரியாது.

தலைவரிடம் சொன்னேன். "உங்களுக்கே வேணாம்னா நான் இன்னா செய்யறது?" என்றார். அதே அம்பாரத்தில் உலர்ந்த மூட்டை ஒன்று எடுத்து, மூன்று பேரும் பார்க்க, வேலூர் மெஷினை மறுபடி ஓட்டினோம். மாப்பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு பலம் உடைந்தது. நானே இரண்டு தடவை எடை போட்டேன். பதினொன்றுதான்.

நாற்பதில் இருபத்திரண்டு போய்ப் பதினெட்டு. விலைக்கு முப்பது, ரிப்பேருக்குப் பதினெட்டு, சேர்ப்பதற்குப் பத்து. எழுபத்தாறு. கோயம்புத்தூருக்கு முப்பது, இருபத்தைந்து, பதினாலு, எட்டு. எழுபத்தேழு. மெட்ராஸ் எழுபத்திரண்டு.

"ஒரு மார்க்குதானே," என்றார் கமிட்டியில் இன்னொருவர். "ரிப்பேர்ல ரெண்டு ஏத்திப் போடுங்க. வேலூரு பக்கந்தானே. எவன் கேக்கப் போறான்?"

ரிப்பேர் மார்க் முதல் வாரமே போட்டது. அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாற்ற மாட்டேன் என்றேன்.

தங்கை வந்தாள். சாப்பிடச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல."

"உன் பேனாதானே."

"மூணு பேரு பாத்ததும்மா."

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

அவள் நிற்கவில்லை. பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எழுத இரண்டு நாள் ஆனது. ஒன்றரைப் பக்கம். வேலூர் ஏஜெண்ட் எனக்கு உறவு என்று முதல் வரியில் எழுதினேன். மூன்று மெஷினின் மார்க்கையும் வரிசையாகப் போட்டேன். முதல் சோதனையில் மூட்டை ஈரம், அது எங்கள் கவனக்குறைவு, ஏஜெண்டுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதினேன். கடைசியில் இப்படி எழுதினேன்: "கோயம்புத்தூர் மெஷினை வாங்கலாம். வித்தியாசம் ஒரு மார்க்தான். வேலூர் மெஷின் விலை கம்மி, ரிப்பேருக்கும் பக்கம். பருப்பு உடைவதில்தான் பின்தங்கியது. இதையெல்லாம் பார்த்துச் சபை முடிவு செய்யவும்."

சபை என் சிபாரிசை ஒப்புக்கொண்டது. வாங்காத இரண்டு பேருக்கும் மார்க்கும் காரணமும் எழுதி அனுப்பினோம். மாப்பிள்ளைக்குப் போன கடிதத்திலும் என் கையெழுத்துதான்.

ஏஜென்சி போனது. தை பிறக்குமுன் கடையைக் காலி செய்தார்கள். மாப்பிள்ளைக்கு ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குத் தங்கை வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு சாவுக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். இளைத்திருந்தார். நானே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கோவமில்ல மச்சான்," என்றார். "கடிதாசிய இன்னும் வச்சிருக்கேன். கணக்கு சரிதான். ஒண்ணு மட்டும் கேக்கறேன்."

"கேளுங்க."

"அந்தக் கோயம்புத்தூரு மெஷின்ல போடறதுக்கு முந்தி, இப்ப உங்க சங்கத்துல மூட்டைக்குத் தண்ணி தெளிக்கறாங்களா, இல்லியா?"

தெளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஈரப் பருப்பு கிடங்கில் பூஞ்சை பிடிக்கும், மெஷின் வந்ததும் இதை நிறுத்திவிட வேண்டும் என்று சங்கத்தில் பேசியிருந்தோம். அதை நம்பித்தான் உலர்ந்த மூட்டையில் சோதனை வைத்தோம். ஒரு வாரம் நிறுத்தினார்கள். அப்புறம் பழையபடிதான். நானும் கேட்கவில்லை. என் மூட்டைக்கும் தெளித்தார்கள்.

"தெளிக்கறாங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பாடை கட்டி முடித்துக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து போய்த் தோள் கொடுத்தோம்.